எல்லாக் குடைகளும் செருப்புகள்

அக்கா மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ரீசனிங் புத்தகத்தையும் ரஃப் நோட்டையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"மாமா, வட்டம் போட்டுத்தான் பார்த்தேன். படத்துலயே பளிச்சுனு தெரியுது. ஆனா விடை தப்புன்னு போட்டிருக்கான்."

கேள்வி இதுதான்.

கூற்று 1: எல்லாக் குடைகளும் செருப்புகள்.
கூற்று 2: சில செருப்புகள் விளக்குகள்.

முடிவு 1: சில குடைகள் விளக்குகள்.
முடிவு 2: எந்தக் குடையும் விளக்கு அல்ல.

முதல் முடிவு மட்டும் சரி, இரண்டாவது மட்டும் சரி, இரண்டில் ஏதோ ஒன்று சரி, இரண்டும் சரி, இரண்டும் சரியில்லை என்று ஐந்து விடைகள் கொடுத்திருந்தார்கள். குடை எப்படிச் செருப்பாகும் என்று இங்கே கேட்கக் கூடாது. சிலாஜிசம் எனப்படும் இந்த வகைக் கேள்விகளில், கூற்று எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த உலக அறிவு விடைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிப் பொருந்தாத பொருள்களைப் போடுகிறார்கள்.

அவள் நோட்டைப் பார்த்தேன். செருப்புக்கு ஒரு பெரிய வட்டம். அதற்குள்ளே குடைக்கு ஒரு சின்ன வட்டம். அதுவரை சரி. விளக்குக்குப் போட்ட மூன்றாவது வட்டம் பக்கவாட்டில் வந்து செருப்பை வெட்டி, அப்படியே குடையையும் கொஞ்சம் வெட்டியிருந்தது. குடையும் விளக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தைப் பார்த்துவிட்டு, 'முதல் முடிவு மட்டும் சரி' என்று குறித்திருந்தாள்.

"இந்த விளக்கு வட்டம் குடையைத் தொடணும்னு கேள்வியில எங்க இருக்கு?"

கேள்வியை இரண்டு முறை படித்தாள். "எங்கயும் இல்ல. வரையும்போது அப்படி வந்துருச்சு."

வட்டம் போட்டும் விடை தவறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கூற்று சொல்லாத ஒன்றைக் கை வரைந்துவிடுகிறது. கண் அதைப் படித்துவிட்டு, கூற்றுதான் சொன்னது என்று நம்பிவிடுகிறது.

ஒரு கூற்று, பல படங்கள்

இப்படி வட்டம் போட்டு விளக்கும் முறையைப் பிரபலமாக்கியவர் கணித மேதை லியோனார்ட் ஆய்லர். பெர்லினில் இருந்தபோது, 1760 முதல் 1762 வரை ஒரு ஜெர்மானிய இளவரசிக்கு அறிவியலையும் தத்துவத்தையும் கடிதங்களாக எழுதிப் புரியவைத்தார். எல்லாம், சில, எதுவுமில்லை என்ற கூற்றுகளிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது என்பதை அந்தக் கடிதங்களில் வட்டங்களால் காட்டினார். நம் தேர்வர்கள் ரஃப் தாளில் போடுவது ஏறக்குறைய அவருடைய படம்தான்.

ஆனால் இந்தப் படங்களில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு வட்டங்கள் ஒன்றுக்கொன்று எத்தனை விதமாக இருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தலாம். முதல் வட்டம் இரண்டாவதற்குள் இருக்கலாம். இரண்டாவது முதலாவதற்குள் இருக்கலாம். ஒன்றையொன்று பாதி வெட்டலாம். தொடாமல் தனித்தனியாக நிற்கலாம். மொத்தம் ஐந்து நிலைகள்தான், ஆறாவது கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்கோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்த ஐந்தையும் வரிசைப்படுத்தி ஆராய்ந்தார்.

இப்போது கூற்றுகளை இந்த ஐந்தோடு வைத்துப் பார்ப்போம். 'எந்தக் குடையும் செருப்பு அல்ல' என்றால் ஒரே ஒரு படம்தான், தனித்தனி வட்டங்கள். இதில் குழப்பம் இல்லை. 'எல்லாக் குடைகளும் செருப்புகள்' என்றால் இரண்டு படங்கள் சாத்தியம். குடை செருப்புக்குள் இருக்கலாம், அல்லது இரண்டும் ஒரே வட்டமாகவும் இருக்கலாம். 'சில குடைகள் செருப்புகள்' என்றால் நான்கு படங்கள், தனித்தனியாக நிற்கும் படம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம். 'சில குடைகள் செருப்புகள் அல்ல' என்றால் மூன்று படங்கள்: பாதி வெட்டுவது, தனித்தனியாக நிற்பது, செருப்பு வட்டம் முழுவதும் குடைக்குள் அடங்கிவிடுவது.

'சில' என்பதற்கு நான்கு படங்கள் என்றதும் பலருக்கு உறுத்தும். பேச்சில், 'சில பேர் சாப்பிட்டாங்க' என்றால் மற்றவர்கள் சாப்பிடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறோம். தேர்வில் அப்படி இல்லை. அங்கே 'சில' என்றால் 'குறைந்தது ஒன்று'. எல்லாமாகவும் இருக்கலாம், அதற்குத் தடை இல்லை. 'ஒரு சில மட்டுமே' என்று கொடுத்திருந்தால்தான் கணக்கு மாறும். அப்போது சில உண்டு, சில இல்லை என்று இரண்டு செய்தியும் சேர்ந்து வருகிறது.

ஆக, நாம் அவசரத்தில் போடும் படம் பலவற்றில் ஒன்று. அதை மட்டும் பார்த்து விடை சொல்வது, ஒரே ஒரு வீட்டைத் தட்டிவிட்டுத் தெருவில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று சொல்வதைப் போல.

உடைக்கும் படம்

விடையைச் சரிபார்க்க எல்லாப் படங்களையும் போட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. அதற்கு நேரமும் கிடையாது. ஐ.பி.பி.எஸ். அதிகாரி தேர்வின் முதல்நிலையில் ரீசனிங் பகுதிக்கு 20 நிமிடம், 35 கேள்விகள். கேள்விக்கு 35 வினாடிகூட முழுசாக இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண்ணில் கால் பங்கும் போய்விடும்.

அதனால் வேலையைத் திருப்பிப் போட வேண்டும். முடிவு சரி என்று காட்டும் படத்தைத் தேடாமல், அதை உடைக்கும் படத்தைத் தேட வேண்டும். கூற்றுகள் எல்லாவற்றுக்கும் உண்மையாக இருந்து, முடிவை மட்டும் பொய்யாக்கும் படம் ஒன்று வரைய முடிந்தால் அந்த முடிவு பெறப்படாது. ஒரே ஒரு படம் போதும். எவ்வளவு இழுத்துப் பார்த்தும் அப்படி ஒரு படம் வரவில்லை, கூற்றுகளே தடுக்கின்றன என்றால் முடிவு பெறப்படும்.

குடைக் கேள்விக்கு இதைச் செய்து பார்க்கலாம். முதல் முடிவு 'சில குடைகள் விளக்குகள்'. இதை உடைக்க, விளக்கு குடையைத் தொடாமல் இருக்க வேண்டும். செருப்பு பெரிய வட்டம், குடை அதற்குள் இடது ஓரத்தில். விளக்கு வட்டம் வலது பக்கத்திலிருந்து வந்து செருப்பை மட்டும் வெட்டட்டும். முதல் கூற்று நிற்கிறதா? குடை முழுவதும் செருப்புக்குள்தான் இருக்கிறது. இரண்டாவது கூற்று? செருப்பில் ஒரு பகுதி விளக்காக இருக்கிறது. இரண்டு கூற்றும் நின்றுவிட்டன, முடிவு விழுந்துவிட்டது. ஆகவே முதல் முடிவு பெறப்படாது.

இரண்டாவது முடிவு 'எந்தக் குடையும் விளக்கு அல்ல'. இதை உடைக்கும் படம் ஏற்கெனவே தயார். என் மருமகள் முதலில் போட்டாளே, விளக்கு குடையையும் வெட்டும் படம், அதுதான். அந்தப் படம் தவறானது அல்ல. கூற்றுகளுக்குப் பொருந்தும் படம்தான். அது ஒன்றுதான் படம் என்று நினைத்ததுதான் தவறு.

இரண்டு முடிவும் தனியாக நிற்கவில்லை. உடனே 'இரண்டும் சரியில்லை' என்று குறிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். எந்தப் படம் போட்டாலும் விளக்கு குடையைத் தொடும், அல்லது தொடாது. தொட்டால் முதல் முடிவு உண்மை, தொடாவிட்டால் இரண்டாவது உண்மை. இரண்டும் ஒருசேரப் பொய்யாகும் படத்தை வரையவே முடியாது. அதனால் 'இரண்டில் ஏதோ ஒன்று சரி' என்பதே விடை.

இந்த வகை விடையையும் உடைக்கும் படத்தால்தான் சோதிக்க வேண்டும். முடிவுகள் 'எல்லாக் குடைகளும் விளக்குகள்', 'எந்தக் குடையும் விளக்கு அல்ல' என்று இருந்திருந்தால்? இரண்டும் நேர் எதிர் போலத் தெரியும். ஆனால் விளக்கு குடையைப் பாதி மட்டும் வெட்டும் படத்தில் இரண்டுமே பொய். அங்கே 'ஏதோ ஒன்று' என்று சொல்ல முடியாது. 'சில' என்பதும் 'எதுவுமில்லை' என்பதும் ஒரு ஜோடி. 'எல்லாம்' என்பதும் 'சில அல்ல' என்பதும் இன்னொரு ஜோடி. இந்த ஜோடிகளில்தான் ஒன்று பொய்யானால் மற்றது உண்மையாகியே தீர வேண்டும்.

தொடாதது போலத் தெரிவது

இன்னொரு கேள்வியையும் அன்று போட்டுப் பார்த்தோம். இதில் தடுமாறுபவர்கள் இன்னும் அதிகம்.

கூற்று 1: எந்தத் தட்டும் கரண்டி அல்ல.
கூற்று 2: சில கிண்ணங்கள் தட்டுகள்.

முடிவு 1: சில கிண்ணங்கள் கரண்டிகள் அல்ல.
முடிவு 2: சில கரண்டிகள் கிண்ணங்கள் அல்ல.

வழக்கமாக வரும் படம் இது: தட்டு ஒரு வட்டம், கரண்டி தள்ளி இன்னொரு வட்டம், கிண்ணம் தட்டைப் பாதி வெட்டும் மூன்றாவது வட்டம். கரண்டி ஓரமாகத் தனியே கிடக்கிறது. அதைப் பார்த்தால் இரண்டு முடிவுமே சரி போலத்தான் இருக்கும்.

முதல் முடிவை உடைக்கப் பார்ப்போம். உடைக்க வேண்டுமானால் கிண்ணங்கள் அத்தனையும் கரண்டி வட்டத்துக்குள் போக வேண்டும். ஆனால் கிண்ணங்களில் சில தட்டுகளாக இருக்கின்றன. அவை தட்டு வட்டத்துக்குள் நிற்கின்றன, தட்டு வட்டம் கரண்டியைத் தொடவே கூடாது. இழுத்தால் முதல் கூற்று அறுந்துவிடும். உடைக்க முடியவில்லை, முதல் முடிவு பெறப்படும்.

இரண்டாவது முடிவை உடைக்க, கரண்டிகள் அத்தனையும் கிண்ணத்துக்குள் போக வேண்டும். போகுமா? கிண்ண வட்டத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு பக்கம் தட்டைக் கொஞ்சம் வெட்டட்டும், மறுபக்கம் கரண்டி வட்டத்தை முழுசாக விழுங்கட்டும். தட்டும் கரண்டியும் இப்போதும் தொடவில்லை. சில கிண்ணங்கள் இப்போதும் தட்டுகள்தான். இரண்டு கூற்றும் அப்படியே நிற்க, எல்லாக் கரண்டிகளும் கிண்ணங்களாகிவிட்டன. முடிவு உடைந்தது. எனவே விடை, முதல் முடிவு மட்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, 'சில அல்ல' என்ற வாக்கியத்தைத் திருப்பிப் போட முடியாது என்பது. 'சில குடைகள் விளக்குகள்' என்றால் 'சில விளக்குகள் குடைகள்' என்று திருப்பலாம். 'எந்தத் தட்டும் கரண்டி அல்ல' என்பதையும் திருப்பலாம். 'சில கிண்ணங்கள் கரண்டிகள் அல்ல' என்பது திரும்பாது. சில மரங்கள் தென்னைகள் அல்ல என்பதால், சில தென்னைகள் மரங்கள் அல்ல என்று ஆகிவிடுமா?

இதே கேள்வியில் இன்னொரு முடிவைச் சேர்த்துக் கேட்பதும் உண்டு: 'எல்லாக் கரண்டிகளும் கிண்ணங்களாக இருக்க வாய்ப்பு உள்ளது.' வாய்ப்பு என்று வந்தால் ஆட்டம் தலைகீழ். உடைக்கும் படம் தேட வேண்டாம், முடிவை உண்மையாக்கும் ஒரு படம் கிடைத்தாலே போதும். அது நம்மிடம் இருக்கிறது. கரண்டியைக் கிண்ணம் விழுங்கியதே, அதே படம். ஒரு முடிவை உடைக்க வரைந்தது இன்னொரு முடிவுக்குச் சாட்சியாகிறது. 'எல்லாக் கிண்ணங்களும் கரண்டிகளாக இருக்க வாய்ப்பு உள்ளது' என்பதற்கு மட்டும் எந்தப் படமும் கிடைக்காது. தட்டுக்குள் நிற்கும் கிண்ணங்கள் விடாது.

எதை முதலில் வரைவது

கூற்றுகளைக் கொடுத்த வரிசையிலேயே வரைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'எல்லாம்', 'எதுவுமில்லை' என்ற கூற்றுகளை முதலில் வரைந்துவிட்டு, 'சில' என்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. முதல் இரண்டும் வட்டங்களை ஓர் இடத்தில் பிடித்து நிறுத்துகின்றன. 'சில' நிறுத்துவதில்லை, எங்கோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

அந்தச் 'சில'வுக்கு வட்டம் போடாமல் ஒரு × குறி போடுவது இன்னும் பாதுகாப்பு. 1880இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் வென், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களை முதலிலேயே போட்டுவிட்டு, காலியான பகுதிகளை நிழலிட்டு அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பள்ளியில் நாம் படித்த வென்படம் அதுதான். 'இங்கே ஒன்று இருக்கிறது' என்பதைக் காட்டும் × குறியைப் பின்னர் சேர்த்தவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பியர்ஸ்.

குடைக் கேள்வியில் செருப்பு வட்டமும் அதற்குள் குடை வட்டமும் போட்டாயிற்று. விளக்காக இருக்கும் ஒரு செருப்புக்கு × போட வேண்டும். குடைக்குள்ளா, வெளியிலா? தெரியாது. தெரியாவிட்டால் குடை வட்டத்தின் கோட்டின் மேலேயே × போட வேண்டும். கோட்டில் உட்கார்ந்த ×, இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம் என்று நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். தட்டுக் கேள்வியில் அப்படி இல்லை. தட்டாக இருக்கும் கிண்ணத்துக்கான × தட்டுக்குள் திடமாக விழுகிறது, கரண்டி அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. × கோட்டில் இருந்தால் முடிவு ஊசலாடுகிறது என்று பொருள். உள்ளே விழுந்தால் நிச்சயம்.

சொல்லிலேயே சறுக்கல்

படம் சரியாக இருந்தும் விடை தவறினால், கூற்றைப் படித்ததில் தவறு இருக்கலாம். தமிழில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, 'எல்லாக் குடைகளும் செருப்புகள் அல்ல' என்ற வாக்கியம். ஒன்றுகூடச் செருப்பு இல்லை என்றும் படிக்கலாம், எல்லாமே செருப்பு என்று சொல்ல முடியாது, சில மட்டும் இல்லை என்றும் படிக்கலாம். முதலாவதற்கு ஒரு படம், இரண்டாவதற்கு மூன்று படங்கள். 'எந்தக் குடையும் செருப்பு அல்ல' என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது. இருமொழி வினாத்தாளில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால், பக்கத்திலிருக்கும் ஆங்கில வடிவத்தையும் பார்த்துவிட்டு வரைவதுதான் நல்லது.

மற்றொன்று 'மட்டுமே'. 'குடைகள் மட்டுமே செருப்புகள்' என்றால் குடை அல்லாத எதுவும் செருப்பு ஆகாது. அதாவது எல்லாச் செருப்புகளும் குடைகள். வாக்கியத்தில் குடை முன்னால் வந்ததைப் பார்த்து அதை உள்வட்டமாகப் போட்டால் படமே தலைகீழாகிவிடும்.

வட்டத்துக்கும் எல்லை உண்டு

'எல்லாக் குடைகளும் செருப்புகள்' என்ற கூற்றிலிருந்து 'சில செருப்புகள் குடைகள்' என்று முடிவு செய்யலாமா? போட்டித் தேர்வு வழக்கப்படி செய்யலாம். வட்டம் போட்டால் அதற்குள் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அங்கே எழுதாத ஒப்பந்தம். வென்னின் முறையில் அந்த ஒப்பந்தம் கிடையாது. 'தாமதமாக வந்தவர்கள் எல்லோரும் அபராதம் கட்ட வேண்டும்' என்று அறிவித்த நாளில் ஒருவரும் தாமதமாக வராமல் இருக்கலாம். அறிவிப்பு உண்மையாகவே இருக்கும், அபராதம் கட்டியவர் யாரும் இருக்க மாட்டார். தர்க்கவியல் பாடமாகப் படிப்பவர்கள், தங்கள் கேள்வி எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னோர் எல்லை எண்ணிக்கை. நான்கு பொருள்களுக்கு உள்ளே, வெளியே என்று 16 விதமான இடங்கள் வேண்டும். நான்கு வட்டங்களை எப்படி வெட்டிப் போட்டாலும் 14 இடங்களுக்கு மேல் கிடைக்காது. இது வென்னுக்கே தெரியும், நான்கு பொருள்களுக்கு அவர் நீள்வட்டங்களைப் போட்டார். தேர்வில் நான்கைந்து பொருள்கள் வந்தால், எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்க வேண்டாம். முடிவில் வரும் இரண்டு பொருள்களையும் இணைக்கும் கூற்றுகளை மட்டும் எடுத்து வரைந்தால் போதும். அந்த இரண்டுக்கும் இடையே கூற்றுகளில் தொடர்பே இல்லாவிட்டால், அவற்றைப் பற்றிய நிச்சயமான முடிவு எதுவும் நிற்காது.

மருமகளின் ரஃப் நோட்டைப் போன வாரம் புரட்டினேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இப்போது இரண்டு படங்கள் இருக்கின்றன. முதல் படம் கை போன போக்கில் வந்தது. இரண்டாவது அதை மறுத்து வரைந்தது. சில பக்கங்களில் இரண்டாவது படத்துக்கான இடம் காலியாக இருந்தது, அதன் நடுவில் ஒரு டிக். வரைய முடியவில்லை என்று அர்த்தமாம்.